மதிப்பெண் பட்டியலின் படம் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வின் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று, முன்னேற்ற அறிக்கைகள் உங்கள் கைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பாகவே பெற்றோர் பலரிடம் பரவிவிட்டது. பட்டியல் ஆசிரியர் அறை மேசையில் பிறர் பார்வைக்குப் படும்படி இருந்தது எங்கள் தவறு. அதற்காக உங்கள் அனைவரிடமும், குறிப்பாக அந்தப் பட்டியலில் பெயர் உள்ள மாணவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படத்திலிருந்து மொத்தம், சதவீதம், தரவரிசை என்று கணக்கிடப்பட்ட எண்கள் பல வீடுகளில் முடிவுகளாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பதால், அவை எப்படித் தவறாகின என்பதை ஒரே ஒரு மாணவரின் வரியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். அவருடைய பெற்றோரிடமும் அவரிடமும் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

படத்தில் அவருடைய வரி இப்படித் தெரிந்தது: 64, 58, 33, 41, 21, 62, 60. இவற்றை ஒருவர் அப்படியே கூட்டி 339 என்றும், 500-க்கு 67.8 சதவீதம் என்றும் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் 256 என்றும் 51.2 சதவீதம் என்றும் சொல்லியிருக்கிறார். மூன்றாமவர் கணக்கில் அது 282, அதாவது 56.4 சதவீதம். மூவருமே கூட்டலில் பிழை செய்யவில்லை. எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதில்தான் பிழை நேர்ந்தது.

பட்டியலில் ஐந்து பாடங்களுக்கு ஏழு கட்டங்கள் இருப்பதற்குக் காரணம் அறிவியல் பாடம். அதில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று தனித்தனியாகப் பதிந்து, அடுத்த கட்டத்தில் இரண்டையும் கூட்டி எழுதுகிறோம். 41-உம் 21-உம் சேர்ந்ததுதான் 62. முதலாமவர் ஏழு கட்டங்களையும் கூட்டியதால் அறிவியல் மதிப்பெண் இரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டது. இரண்டாமவர் கைப்பேசியின் நிழல் விழுந்த இரு கட்டங்களை விட்டுவிட்டு, 41-ஐ மட்டும் அறிவியல் என்று எடுத்துக்கொண்டார். உண்மையான மொத்தம் 64, 58, 33, 62, 60 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 277. சதவீதம் 55.4.

மூன்றாமவரின் கணக்கு உண்மைக்கு மிக அருகில் வந்தது. ஆனால் அதுதான் மற்ற இரண்டையும்விட அதிகத் துன்பம் தந்தது. மங்கலான படத்தில் கணிதத்தின் 33 என்ற எண்ணை அவர் 38 என்று படித்துவிட்டார். தேர்ச்சிக்கு 35 வேண்டும். எனவே மொத்தத்தில் ஐந்தே மதிப்பெண் வேறுபட்டாலும், தேறாத மாணவர் தேறிவிட்டதாக வீட்டிற்குச் செய்தி போயிற்று. கையால் எழுதிய பட்டியலில் 3-உம் 8-உம், 1-உம் 7-உம் ஒன்றுபோலத் தோன்றுவது வழக்கம். அதனால்தான் நாங்கள் வரியின் கடைசியில் மொத்தத்தை எழுதி, அதிலிருந்து மற்றப் பாடங்களைக் கழித்துச் சரிபார்க்கிறோம்: 277-இலிருந்து 64, 58, 62, 60 ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது 33 மட்டுமே, அங்கே 38-க்கு இடமில்லை. பரவிய படத்திற்குள் அந்தக் கடைசிக் கட்டம் வரவில்லை. சரிபார்க்க வழியில்லாத எண்ணைச் சரியென்று நம்பியதுதான் நடந்தது.

தரவரிசையைப் பொறுத்தவரை, இடது ஓரத்தில் இருந்த 9 என்ற எண்ணைச் சிலர் ஒன்பதாம் இடம் என்று கொண்டிருக்கிறார்கள். அது பெயர்களின் அகரவரிசைப்படி அமைந்த வரிசை எண். வகுப்பில் 38 பேர் இருக்க, படத்தில் 22 வரிகளே தெரிந்தன. அந்த 22 பேரில் 14 பேர் இந்த மாணவரைவிட அதிக மொத்தம் பெற்றிருந்தார்கள். தெரியாத 16 பேரில் ஒருவரும் இவரை முந்தாவிட்டால் இவர் இடம் 15, அனைவரும் முந்தியிருந்தால் 31. இதற்குமேல் அந்தப் படத்தைக் கொண்டு யாராலும் சொல்ல இயலாது. அத்துடன், ஒரு பாடத்தில் தேறாதவருக்கு அந்தத் தேர்வில் நாங்கள் தரவரிசை வழங்குவதில்லை என்பதால், இவருக்கு இடம் என்று ஒன்று இல்லவே இல்லை.

இனி, எனக்கு மிகுந்த வருத்தம் தந்த பகுதிக்கு வருகிறேன். முதல் நாள் வீட்டில் அனைவரும் அந்த மாணவரைப் பாராட்டியிருக்கிறார்கள். கணிதத்தேர்வை எழுதியவர் அவர், தாள் சரியாக அமையவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மகிழ்ந்திருக்கும் பெற்றோரிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அறிக்கை வந்த அன்று 33 என்று தெரிந்ததும், ஆறுதலாக மூன்று பேச்சுகள் எழுந்தன: இரண்டு மதிப்பெண்தானே என்று ஒருவரும், மறுகூட்டல் போட்டால் கூடிவிடும் என்று இன்னொருவரும், உன்னைவிடக் குறைந்தவர்கள் இருக்கிறார்கள் என்று மற்றொருவரும் சொல்லியிருக்கிறார்கள். அன்போடு சொன்னவைதான். ஆனால் இரண்டு என்பது தேர்ச்சிக் கோட்டுக்கு உள்ள தூரம் மட்டும். மறுகூட்டலில் கூட்டல் பிழையும் திருத்தாமல் விடப்பட்ட விடையும்தான் சரிசெய்யப்படும், திருத்திய விடைக்கு மதிப்பெண் கூட்டித் தரப்படாது. மூன்றாவது ஆறுதல் இன்னொரு குழந்தையின் தோல்வியில் நிற்பது. அதைத் தயவுசெய்து எந்த வீட்டிலும் சொல்ல வேண்டாம்.

மறுநாள் மாணவரும் தாயாரும் என் அறைக்கு வந்தபோது விடைத்தாளை எடுத்து வைத்து, இழந்த 67 மதிப்பெண்களை வினா வினாவாகப் பிரித்துப் பார்த்தோம். கடைசியில் இருந்த இரண்டு பத்து மதிப்பெண் வினாக்களை நேரமின்மையால் அவர் தொடவே இல்லை. அதில் 20 போயிற்று. முறை சரியாக இருந்தும் படிகளை விட்டதாலும் கூட்டல் கழித்தல் குறியை மாற்றியதாலும் 15 போயிற்று. எஞ்சிய 32 மட்டுமே அவருக்கு உண்மையிலேயே புரியாத வடிவியலிலும் முக்கோணவியலிலும் இழந்தவை. முதல் குறைக்கு நேரம் வைத்து எழுதிப் பழக வேண்டும், இரண்டாவதற்கு ஒவ்வொரு வரியையும் எழுதும் பழக்கம் வேண்டும், மூன்றாவதற்குப் பாடத்தை மறுபடி கற்பிக்க வேண்டும். அது எங்கள் வேலை. எல்லாமே தெரியாது என்று நினைத்து வந்தவர், தெரியாதது 32 என்று தன் வாயாலேயே சொன்னார். அவர் முகம் தெளிந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஆகவே, உங்கள் பிள்ளையின் முடிவு எதிர்பார்த்தபடி இல்லையென்றால், எண்ணைக் கேட்பதற்கு முன் எந்த வினாவில் நின்றுவிட்டாய் என்று கேளுங்கள். பதில் உடனே வராது, அன்று இரவே வர வேண்டியதும் இல்லை. சாப்பிடாமலோ உறங்காமலோ, யாருடனும் பேசாமலோ இரண்டு மூன்று நாள் நீடித்தால் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ நேரில் சொல்லுங்கள். அப்போது மதிப்பெண் பேச்சை முற்றிலும் ஒதுக்கிவைத்துவிட்டு, பிள்ளையைத் தனியே விடாமல் உடன் இருங்கள்.

வரும் திங்கள் முதல் வெள்ளி வரை, பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம், எல்லாப் பாடங்களின் விடைத்தாள்களையும் மாணவருடன் வந்து பார்க்கலாம். மறுகூட்டல் விண்ணப்பத்தை அலுவலகத்தில் கட்டணமின்றிப் பெறலாம். அந்தப் படம் இன்னும் யாரிடமாவது இருந்தால் அழித்துவிடுமாறும், யார் அனுப்பினார் என்று தேடாமல் விடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல்கள் இனிப் பூட்டிய அலமாரியில் வைக்கப்படும், ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணும் அவருடைய அறிக்கையில் மட்டுமே வரும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்