தட்டில் விழுந்த களிமண்: வினாத்தாள் தயாரித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயர்தரப் பௌதிகவியல் மாதிரி வினாத்தாளையும் புள்ளியிடும் திட்டத்தையும் தயாரித்த ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கல்லடியில் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறவன். போன வாரம் களுவாஞ்சிகுடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். சுழற்சி இயக்கக் கேள்வியில் அவள் எழுதிய விடைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. "எங்க பிழை விட்டன் சேர்?" என்று கேட்டாள். இரண்டு தடவை பார்த்தேன். பிழை அவளிடம் இல்லை.

கேள்வி குயவர் சக்கரத்தைப் பற்றியது. 20 கிலோகிராம் திணிவும் 0.4 மீற்றர் ஆரையும் கொண்ட சீரான தட்டு ஒன்று, உராய்வற்ற நிலைக்குத்து அச்சைச் சுற்றிச் செக்கனுக்கு 10 ஆரையன் வீதம் சுழல்கிறது. 2.5 கிலோகிராம் களிமண் உருண்டை நேரே கீழே விழுந்து விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. புதிய கோண வேகம் என்ன?

தட்டின் சடத்துவத் திருப்பம் ½MR², அதாவது 1.6 kg m². களிமண்ணைப் புள்ளித் திணிவாக எடுத்தால் அதன் பங்கு 0.4. மொத்தம் 2.0. உங்கள் திட்டம் இதுவரைக்கும் சரி. அப்புறம்தான் வழி மாறுகிறது. முதலில் இருந்த இயக்க சக்தி 80 யூல் அப்படியே இருக்கும் என்று வைத்து 8.94 என்று விடை எடுத்திருக்கிறீர்கள். மாணவி கோண உந்தத்தைக் காத்து, 16ஐ 2ஆல் வகுத்து, 8 என்று எழுதியிருக்கிறாள். 8தான் சரி.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். களிமண் தட்டைத் தொடும் கணத்தில் அதற்குக் கிடை வேகம் இல்லை. அடியில் விளிம்போ செக்கனுக்கு 4 மீற்றரில் ஓடுகிறது. ஆகவே ஒட்டுவதற்கு முன் களிமண் கொஞ்சம் வழுக்கியே தீரும். அந்த உராய்வு தட்டைப் பின்னுக்கும் களிமண்ணை முன்னுக்கும் இழுக்கிறது. அச்சைப் பற்றி இந்த இரண்டு முறுக்கங்களும் சமமும் எதிரும் என்பதால் மொத்தக் கோண உந்தம் மாறாது. சக்திக் கணக்கு வேறு. தட்டு 28.8 யூலை இழக்கிறது, களிமண்ணுக்குக் கிடைப்பது 12.8 மட்டுமே. மீதி 16 யூல் வெப்பமாகவும் களிமண்ணின் உருமாற்றமாகவும் போய்விடுகிறது. ஒட்டிக்கொள்ளும் மோதுகையில் இயக்க சக்தி காக்கப்படாது என்று நேர்கோட்டு இயக்கத்தில் நாமே படிப்பிக்கிறோம். சுழற்சிக்கு வந்தவுடன் எப்படி மறக்கிறோம்?

"அச்சும் தட்டின் மேல் விசை தருகிறதே, அது வெளிவிசை இல்லையா?" என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்விதான். அந்த விசையால் நேர்கோட்டு உந்தம் காக்கப்படுவதில்லை. ஆனால் அது அச்சிலேயே தாக்குவதால் அச்சைப் பற்றி அதற்கு முறுக்கம் இல்லை. உண்மையான சக்கரத்தில் பெயாரிங் உராய்வு கொஞ்சம் இருக்கும். அது 0.05 நியூட்டன் மீற்றர் என்றும் ஒட்டுவதற்கு 0.2 செக்கன் என்றும் வைத்தாலும், 16இல் 0.01தான் குறையும்.

அடுத்த பகுதி இன்னும் சிக்கல். களிமண் பிறகு விளிம்பிலிருந்து கழன்று பறந்தால் தட்டின் வேகம் என்ன என்று கேட்டு, 10க்குத் திரும்பும் என்று விடை போட்டிருக்கிறீர்கள். சடத்துவத் திருப்பம் குறைந்தால் வேகம் கூட வேண்டும் என்ற எண்ணம் போல. கைகளை உள்ளே மடக்கும் ஸ்கேட்டிங்காரருக்கு அது பொருந்தும். அவர் உடம்பில் எதுவும் வெளியே போகவில்லை, கைகளை இழுக்கத் தசைகள் வேலையும் செய்கின்றன. இங்கே களிமண் தன் பங்கான 3.2ஐயும் சேர்த்துக் கொண்டுபோகிறது. தட்டில் மிஞ்சுவது 12.8. அதை 1.6ஆல் வகுத்தால் மறுபடி 8. தட்டைத் தள்ளாமல் கழன்ற களிமண்ணால் தட்டுக்கு எந்த மாற்றமும் இல்லை.

மூன்றாவது பகுதி களிமண் கழலாமல் இருக்கும்போது விளிம்பில் கையை வைத்து 2 நியூட்டன் உராய்வு விசையால் நிறுத்துவது. முறுக்கம் 0.8, கோண அமர்முடுகல் 0.4. முறை சரிதான், ஆனால் தொடக்க வேகம் 8.94 என்று போனதால் 22.4 செக்கன் வந்திருக்கிறது. வரவேண்டியது 20.

அதனால் இரண்டு காரியம் கேட்கிறேன். புள்ளியிடும் திட்டத்தைத் திருத்தி, 8 எழுதிய பிள்ளைகளின் தாள்களை மீண்டும் பாருங்கள். 8.94இலிருந்து தொடங்கி மூன்றாம் பகுதியைச் சரியான முறையில் செய்தவர்களுக்கு அந்தப் பகுதிப் புள்ளியை வெட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் பழைய சைக்கிள் சில்லொன்றைக் கிடையாகப் பொருத்தி, ஒரு சோக்குக் கோடு போட்டுச் சுழற்றி, களிமண்ணை விழுத்தி, போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். சில்லின் சடத்துவத் திருப்பம் வேறு என்பதால் எண்கள் மாறும், ஆனால் இரண்டு முறைகளில் எது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியர்