சகீஃபாவில் தொடங்கியது

அன்புள்ள தம்பி,

சுன்னி, ஷியா பிரிவுக்குக் கர்பலாதான் தொடக்கம் என்று எழுதியிருந்தாய். நபிகளாரின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலா போர் 680இல் நடந்தது. நபிகளாருக்குப் பின் யார் தலைவர் என்ற பிரச்சினை அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே, 632 ஜூனில், நபிகளார் மறைந்த அன்றே மதீனாவில் எழுந்துவிட்டது.

நபிகளாரின் ஒன்றுவிட்ட தம்பியும் மருமகனுமான அலீயும் குடும்பத்தாரும் துக்க வீட்டில் இருந்தார்கள். அதே வேளையில், பனூ சாயிதா குலத்தாரின் சகீஃபாவில், அதாவது அவர்களுடைய கூரைக்கொட்டகையில், நபிகளாருக்கு அடைக்கலம் தந்த மதீனத்து முஸ்லிம்களான அன்சாரிகள் கூடி சஅத் இப்னு உபாதாவைத் தலைவராக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தி கேட்டு, மக்காவிலிருந்து வந்த நபித்தோழர்களான அபூபக்கர், உமர், அபூ உபைதா மூவரும் விரைந்தார்கள். 'எங்களில் ஒருவர், உங்களில் ஒருவர்' என்று அன்சாரிகள் தரப்பில் ஒரு யோசனை வந்தது. நபிகளாரின் குலமான குறைஷியரைத் தவிர வேறு யாரையும் அரபுக் குலங்கள் ஏற்க மாட்டா என்றார் அபூபக்கர். சஅத் கஸ்ரஜ் குலத்தவர். அவர் கை ஓங்குவதை அன்சாரிகளின் இன்னொரு குலமான அவ்ஸ் குலத்தார் விரும்பவில்லை. உமர் அபூபக்கரின் கையைப் பிடித்து பைஅத், அதாவது விசுவாச உறுதிமொழி, செய்ய, மற்றவர்களும் தொடர்ந்தார்கள்; அபூபக்கர் முதல் கலீஃபாவானார்.

அவசரத்தில் நடந்த காரியம் அது, அதன் தீங்கிலிருந்து இறைவன் காத்தான், இனி யாரும் அப்படிச் செய்யக் கூடாது என்று பிற்காலத்தில் இரண்டாம் கலீஃபாவான உமரே பள்ளிவாசல் மிம்பரில் சொன்னார். இது சுன்னிகள் போற்றும் புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. நபிகளாரின் மகளும் தன் மனைவியுமான ஃபாத்திமா இறக்கும்வரை, சுமார் ஆறு மாதம், அலீ பைஅத் செய்யவில்லை என்பதும் அதில் உண்டு. அலீயின் ஆதரவாளர்கள் கேட்ட கேள்வி நேரடியானது: குறைஷி உறவுதான் தகுதி என்றால், நபிகளாருக்கு மிக நெருங்கியவர் இருக்கும்போது மற்றவர் எதற்கு?

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 644. குத்துப்பட்டுக் கிடந்த உமர், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் குழுவை அமைத்தார். கடைசியில் அலீயும் உஸ்மானும் மிஞ்சினார்கள். முடிவு சொல்லும் பொறுப்பை ஏற்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், குர்ஆனையும் நபிவழியையும் முந்தைய இரு கலீஃபாக்களின் நடைமுறையையும் பின்பற்றுவீர்களா என்று இருவரிடமும் கேட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. உஸ்மான் உடனே சரி என்றார். அலீயோ என் அறிவுக்கும் சக்திக்கும் எட்டியவரை என்றார். பதவி உஸ்மானுக்குப் போனது. முன்னோர் செய்ததே சட்டமாகிவிடுமா, இல்லை தலைவருக்குத் தனி அறிவும் உரிமையும் உண்டா என்ற கேள்வி அங்கேயே வெளிப்பட்டுவிட்டது என்பது என் கருத்து.

ஆனால் அன்று 'சுன்னி', 'ஷியா' என்று இரண்டு தனிப் பிரிவுகள் இருந்ததாக நினைத்துவிடாதே. அலீயின் கட்சி என்ற அரசியல் சார்பு முதலில் வந்தது, கொள்கை அப்புறம்தான். சமூகத்தின் தலைவரான இமாமை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, முந்தைய இமாமே பெயர் சொல்லி நியமிக்க வேண்டும் என்ற கோட்பாடு எட்டாம் நூற்றாண்டில், அலீயின் வழிவந்த இமாம் ஜஅஃபர் அஸ்ஸாதிக் காலத்தில் தெளிவாக உருப்பெற்றது. மறுபக்கம் அலீயை நான்காமவராக வைத்து நால்வரையும் நேர்வழி கலீஃபாக்களாக ஏற்பதும் உடனே நடந்துவிடவில்லை. உஸ்மானின் ஆதரவாளர்கள் பலர் அலீயை அந்த வரிசையில் சேர்க்க நெடுங்காலம் மறுத்தார்கள். அது நிலைபெற ஒன்பதாம் நூற்றாண்டில் அஹ்மத் இப்னு ஹன்பல் போன்ற அறிஞர்கள் வாதாட வேண்டியிருந்தது.

அன்புடன்,
அண்ணன்