பீடியும் சுருட்டும் விதிவிலக்கல்ல: கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்க நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், நிர்வாகசபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பல் வைத்தியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். அண்மையில் ஒரு சங்கத்தின் மருத்துவ முகாமுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். அச்சங்கத்தின் கடையில், அங்கத்தவர்களின் உடல்நலம் கருதிச் சிகரெட் விற்பனையை நிறுத்தியிருப்பதாகச் செயலாளர் மிகுந்த பெருமையோடு சொன்னார். அந்தத் தீர்மானத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே கடையின் மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், பீடிக்கட்டுகளும் சுருட்டுகளும் இருந்தன. கேட்டதற்கு, "அது பெரிசா ஒண்டும் செய்யாது ஐயா, சின்னச் சாமான்தானே, ஒரு மருந்தும் போடாத வெறும் இலை" என்று பதில் கிடைத்தது. அந்தப் பதிலுக்காகத்தான் இம்மடல்.

முதலில் பீடியை எடுத்துக்கொள்வோம். ஒரு சிகரெட்டில் ஏறத்தாழ முக்கால் கிராம் புகையிலை இருக்கும்; ஒரு பீடியில் 0.2 கிராம் அளவில்தான் இருக்கும். இந்த அளவை மட்டும் பார்த்தால் செயலாளரின் வாதம் நியாயமானதாகவே தோன்றும். ஆனால் புகைப்பவரின் உடலுக்குள் போவது, சுருளுக்குள் இருக்கும் புகையிலை முழுவதும் அல்ல. எரியும்போது வாய்வழியாக உள்ளே இழுக்கப்படும் பங்கு மட்டுமே. சிகரெட்டின் தாள் நுண்ணிய துளைகள் கொண்டது. அணையாமல் எரிவதற்கென்றே அதில் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. ஆகவே அதை விரலிடையே பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தாலும் அது தன்பாட்டில் எரிந்துகொண்டே போகும். அதன் புகையிலையின் பெரும்பகுதி புகைப்பவரின் வாய்க்குள் போகாமலே காற்றில் கலந்துவிடும். (அருகிலிருக்கும் மனைவி பிள்ளைகளின் மூச்சில் அது கலக்கிறது என்பது வேறு விடயம்.)

பீடி அப்படியல்ல. அதைச் சுற்றியிருப்பது கருங்காலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் காய்ந்த இலை. அது தடித்தது, காற்றைச் சுலபமாக உள்ளே விடாதது, தானாக எரிவதில் மந்தமானது. இழுப்பதை அரை நிமிடம் நிறுத்தினால் அணைந்துவிடும். ஆதலால் பீடி பற்றுபவர் அதை அணையவிடாமல் வைத்திருப்பதற்காகவே அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதன் புகையிலை குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தக் குறைந்த புகையிலையில் காற்றுக்கு வீணாகப் போவது கொஞ்சம், நெஞ்சுக்குள் போவது அதிகம். வடிகட்டியும் அதற்குக் கிடையாது. இயந்திரத்தில் வைத்து அளந்த ஆய்வுகளில் பீடிப் புகையின் நிக்கொட்டின், தார், காபனோரொட்சைட்டு ஆகியவற்றின் அளவு சிகரெட்டினதை விடக் கூடுதலாகவே காணப்பட்டது. நிக்கொட்டின் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை என்று கணிக்கப்பட்டிருக்கிறது. புகையிலையும் காரமானதே. அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பீடியிலிருந்த புகையிலையில் கிராமுக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் நிக்கொட்டினும், வடிகட்டியுள்ள சிகரெட்டின் புகையிலையில் 16 மில்லிகிராமும் இருந்தன.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு விட்டுவிடவில்லை. அந்த முகாம் முடிந்த மறுநாள் காலை, கடலால் வந்து வலை தெரிந்துகொண்டிருந்த ஒருவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, வாடியின் நிழலில் அவர் பக்கத்தில் இருந்து, அவர் ஒரு பீடி பற்றி முடிக்கும்வரை இழுப்புகளை எண்ணினேன். இருபத்தாறு. இடையில் வலைக்கண்ணில் சிக்கியிருந்த நண்டொன்றைக் கழற்றுவதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டதால் பீடி உதட்டிலேயே அணைந்துபோனது. நெருப்புப்பெட்டியை எடுத்து மீண்டும் பற்றவைத்தார். பற்றவைக்கும் அந்த முதல் இரண்டு மூன்று இழுப்புகள்தான் மிக ஆழமானவை என்பதை அவருடைய கன்னம் குழிவதைப் பார்த்தாலே அறியலாம். வேறிடத்தில் எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வும் இதற்கு நெருக்கமான கணக்கையே தருகிறது: பீடிக்கு 28 இழுப்பு, சிகரெட்டுக்கு 9. அவர் ஒரு நாளைக்கு இருபது பீடி வரை பற்றுவதாகச் சொன்னார். அப்படியானால் நாளொன்றுக்கு 520 இழுப்புகள். இழுப்புகள் எல்லாம் ஒரே அளவினவல்ல என்பதால் இதை அப்படியே சிகரெட் எண்ணிக்கையாக மாற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை. என்றாலும், "ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கூட முடியிறேல்லை" என்று அவர் சொன்னபோது அவருடைய மனதில் இருந்த கணக்கு இந்த 520 அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

சுருட்டைப் பற்றிப் பேசுவது எனக்குச் சற்றுக் கடினம். என் அப்பாவின் அப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றுபவர்களுக்காக ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்கும் அந்தக் கொட்டில்களில்தான் தாம் உலகத்தை அறிந்ததாக அவர் சொல்லுவார். யாழ்ப்பாணத்துச் சுருட்டைத் தென்னிலங்கை எங்கும் கொண்டுபோய் விற்றுக் கல்வீடு கட்டிய குடும்பங்களும் நம்மிடையே பல உண்டு. நமது மண்ணில் விளைந்து நமது கையால் சுற்றப்பட்டது என்ற காரணத்தாலேயே அது சிகரெட்டைப் போலத் தீங்கானதாக இருக்காது என்ற நம்பிக்கை நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு காரணம் ஓரளவு உண்மையுங்கூட: சுருட்டுப் பற்றுபவர்களில் பலர் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அப்படி இழுக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து, சிகரெட் புகைப்பவர்களை விடக் குறைவு. புகைக்காதவரோடு ஒப்பிட்டால் அது அப்போதும் கூடுதல்தான்.

ஆனால் ஏன் இழுப்பதில்லை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். சிகரெட்டின் புகை சிறிதளவு அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள நிக்கொட்டின் வாயின் தோலூடாக அதிகம் ஊறாது, நுரையீரல் வரை போனால்தான் இரத்தத்தில் சேரும். நீண்ட நாள் அடுக்கிப் பதப்படுத்திய சுருட்டுப் புகையிலையின் புகை பொதுவாகக் காரத்தன்மை கொண்டது. அந்நிலையில் நிக்கொட்டின் கன்னத்தின் உட்புறத்தினூடாகவும் நாக்கின் அடியினூடாகவும் நேரே இரத்தத்துக்குள் போய்விடும். அதாவது, உள்ளே இழுக்காமலே போதுமான அளவு கிடைத்துவிடுவதால்தான் இழுக்கத் தேவையில்லாமல் இருக்கிறது. நுரையீரலுக்குப் போகாத அந்தப் புகை வேறெங்கும் போய்விடவில்லை. ஒரு சுருட்டு எரிந்து முடியும்வரை வாய்க்குள்ளேயே நிற்கிறது. உமிழ்நீரோடு கலந்து தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் இறங்குகிறது. பதப்படுத்தும்போது உண்டாகும் நைட்ரோசமீன்கள் என்ற புற்றுநோய்க் காரணிகளும் அதோடு சேர்ந்தே இறங்குகின்றன. நாள்தோறும் சுருட்டுப் புகைப்பவர்களுக்கு வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் ஏற்படும் ஆபத்து சிகரெட் புகைப்பவர்களுடையதோடு ஒப்பிடத்தக்கது என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் வெளியிட்ட விரிவான தொகுப்பு கூறுகிறது.

நான் கடமையிலிருந்த காலத்தில் பார்த்த ஒருவருடைய வாயை இங்கே சொல்ல வேண்டும். ஐம்பது வயது தாண்டிய தொழிலாளி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக வந்திருந்தார். புகைப்பீர்களா என்று கேட்டேன். "சிகரெட் விட்டு ஏழு வருசம் டொக்டர். இப்ப சுருட்டு மட்டுந்தான், அதுவும் உள்ளுக்கு எடுக்கிறேல்லை" என்றார். ரோச் வெளிச்சத்தில் அண்ணத்தைப் பார்த்தபோது, காய்ந்த களிமண் தரையைப் போல அது சாம்பல் வெள்ளையாகத் தடித்து வெடித்திருந்தது. அந்த வெள்ளையின் நடுவே குண்டூசித் தலை அளவில் சிவந்த புள்ளிகள். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் வெம்மையாலும் புகையாலும் வீங்கிச் சிவப்பதால் உண்டாகும் புள்ளிகள் அவை. இந்த நிலை, புகைப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் மாறிவிடும் என்பதால் அதைப் பற்றி நான் அதிகம் அஞ்சவில்லை. அஞ்சியது, வழமையாகச் சுருட்டை வைத்திருக்கும் இடது கடைவாயின் உட்புறத்தில் இருந்த இன்னொன்றுக்காக. ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் வெண்படலம். துணியால் அழுத்தித் துடைத்தாலும் போகவில்லை. ஓர் ஓரத்தில் சிவந்திருந்தது. வலி ஏதும் இல்லாததால் அவருக்கு அது இருப்பதே தெரியாது. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் தொடங்கியிருந்தது. காலத்தோடு சத்திரசிகிச்சை நடந்தது, ஆள் தப்பினார்.

இலங்கையில் ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. அதில் புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவதன் பங்கு மிகப் பெரியது என்பதையும் மறைக்கக் கூடாது. பீடியும் வெற்றிலையும் ஒரே வாயில் சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது.

இனி, உங்களிடம் கேட்க வந்தவை. சங்கக் கடையில் சிகரெட்டுக்கு எடுத்த தீர்மானத்தைப் பீடிக்கும் சுருட்டுக்கும் விரிவுபடுத்துங்கள். அது உடனடியாக முடியாதென்றால், அவற்றைக் குறைந்தபட்சம் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடை செய்கிறது. "அப்பா வாங்கிவரச் சொன்னவர்" என்று வரும் பொடியனிடம் பீடிக்கட்டைக் கொடுப்பதும் அதில் அடங்கும்.

மற்றையது, உங்கள் முகாம்களில் நிரப்பப்படும் படிவம் பற்றியது. நான் கண்ட படிவத்தில் "சிகரெட் புகைப்பவரா?" என்று அச்சிடப்பட்டிருந்தது. அன்று "இல்லை" என்று எழுதப்பட்ட பலரின் சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்ததை என் கண்ணால் கண்டேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னார்கள். அந்த வரியை "பீடி, சுருட்டு, சிகரெட் இவற்றில் எது, நாளொன்றுக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலாவது?" என்று மாற்றிவிடுங்கள். எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் முதலாவதைப் பற்றுபவருக்கு, விடுவதற்குத் துணை தேவைப்படும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதோடு, இரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் வாய் பார்ப்பதற்கும் ஒரு கதிரை போடுங்கள். துடைத்தால் போகாத வெள்ளை, காரணமில்லாத சிவப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

ரோச்சும் வாய்க்கண்ணாடியும் என்னிடம் இருக்கின்றன. முகாம் திகதியை முன்கூட்டி அறிவித்தால், எந்தக் கரையாயினும் வந்து அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர்,
வடமராட்சி.