தேதி குறிக்கும் முன் தானியேலைப் படியுங்கள்

ஆசிரியருக்கு,

உலக முடிவு வதந்திகள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். இறுதிக்கால நூல்களை இன்றைய செய்திகளோடு பொருத்தும் முன், அவை பிறந்த நெருக்கடியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். விவிலியத்தின் தானியேல் நூலில் 11-ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கிரேக்க வம்ச மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் வரையிலான போர்களை அது நுணுக்கமாகச் சொல்கிறது. 40-ஆம் வசனத்திலிருந்து வரலாறு ஒத்துவரவில்லை. மன்னனின் முடிவு கடலுக்கும் புனித மலைக்கும் இடையே வரும் என்கிறது, அவனோ கி.மு. 164-இல் பாரசீகப் பக்கம் இறந்தான். ஆலயம் தீட்டுப்பட்டதற்கும் அவன் இறந்ததற்கும் இடைப்பட்ட காலத்தில்தான் நூல் இறுதி வடிவம் பெற்றது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

என் வகுப்பில் வசனங்களையும் ஆண்டுகளையும் அருகருகே எழுதவைத்தபோது, மாணவர்களே அந்த முறிவைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அவர்கள் கேட்டது தேதியை அல்ல, துன்புற்றவர்களுக்கு இந்நூல் என்ன தைரியம் தந்தது என்பதை. இளங்கலைப் பாடத்தில் வெளிப்படுத்தல் நூலுக்கு முன் இந்த அதிகாரத்தை வைக்கலாம்.

– ஒரு கல்லூரி ஆசிரியர்