கிழமைப் பாட்டு

வெள்ளவத்தை, கொழும்பு

அன்பு மகளுக்கு,

சின்னவள் கிழமைகளை ஒப்புவிக்கும்போது வியாழனையும் வெள்ளியையும் மாற்றிச் சொல்கிறாள் என்றாய். இரண்டும் ‘வ’வில் தொடங்குவதால் குழந்தைகளுக்கு அந்த இடம் வழுக்கும். இருந்து ஒரு பாட்டுக் கட்டினேன்.

ஞாயிறு வந்தால் நண்டுக் குழம்பு
திங்கள் வந்தால் திராட்சைக் குலை
செவ்வாய் வந்தால் செவ்விளநீர்
புதன் வந்தால் புட்டும் பாலும்
வியாழன் வந்தால் விசுக்கோத்து
வெள்ளி வந்தால் வெண்டிக்காய்
சனி வந்தால் சம்பல் ரொட்டி

கிழமையும் சாப்பாடும் மோனையால் கட்டப்பட்டிருப்பதைப் பார். ஞாயிறுக்கு நண்டு எப்படி வந்தது என்று கேட்பாய். ‘ஞ’வும் ‘ந’வும் இன மோனை, காதுக்கு ஒன்றுபோலத்தான் விழும். வியாழனுக்கும் வெள்ளிக்கும் மட்டும் வெறும் ‘வ’ போதாது. வியாழனுக்கு வடை வைத்திருந்தால் வெள்ளிக்கும் அதையே பாடிவிடுவாள். அதனால் உயிரெழுத்தும் பொருந்தும்படி ‘வி’க்கு ‘வி’, ‘வெ’க்கு ‘வெ’ என்று பிடித்தேன். விளாம்பழம் இன்னும் அழகு, ஆனால் அவள் அதைக் கண்டதே இல்லை. கண்ணில் படாத பொருளுக்கு மோனை எவ்வளவு பொருந்தினாலும் மனதில் படம் விழாது. செவ்விளநீரைப் போன முறை காலிமுகத்திடலில் குடித்தாள்தானே, அது நிற்கும்.

ஒவ்வொரு வரிக்கும் நாலு கைத்தட்டு. கடைசிச் சொல் நீண்டால் இரண்டாகப் பிரித்துத் தட்டு: செவ் – விளநீர், விசுக் – கோத்து. தட்டு மிஞ்சினாலோ குறைந்தாலோ அங்கேதான் குழந்தை தடுக்கும். வேறு சாப்பாடு வைக்க நினைத்தால் முதலில் தட்டிப் பார்த்துக்கொள்.

பாடும் முறை இதுதான். முதலில் ஞாயிறு மட்டும். அப்புறம் திங்களைப் பாடி, திரும்பி ஞாயிறுக்கு வா. பிறகு செவ்வாய், திங்கள், ஞாயிறு. இப்படி ஒவ்வொரு புது வரிக்குப் பிறகும் பின்னோக்கி இறங்க வேண்டும். சனி வரை போனால் மொத்தம் 28 வரி. மேலே ஏறும்போது ஒரு கிழமைதான் கூடுகிறது, இறங்கும்போது பழையதெல்லாம் திரும்ப வருகிறது.

இதில் ஒரு குறை உண்டு. ஞாயிறு 7 தரம் வாயில் வரும், சனி ஒரே ஒரு தரம். வாரம் வட்டம் என்பதால் இதைச் சமாளிக்கலாம்: இன்று என்ன கிழமையோ அதிலேயே பாட்டைத் தொடங்கு. புதன்கிழமை பாடினால் புதன்தான் முதல் வரி, செவ்வாய் கடைசி. ஒரு வாரம் விடாமல் பாடினால் எல்லாக் கிழமைக்கும் சமமாக முறை கிடைக்கும். எப்போதும் ஞாயிறிலேயே தொடங்கிப் பழகிய பிள்ளையிடம் “வெள்ளிக்கு அடுத்தது என்ன?” என்று கேட்டால், முதலிலிருந்து முணுமுணுத்து வந்துதான் சொல்லும். அவள் பாடாமல் உடனே சொன்னால் மனதில் ஏறிவிட்டது என்று அர்த்தம். முணுமுணுத்தால் இன்னும் கொஞ்ச நாள் பாடுங்கள்.

மெட்டைப் போனில் பாடி அனுப்புகிறேன். மருமகனையும் கூடவே தட்டச் சொல்லு.

அம்மா