சான்றிதழில் இருக்கும் கியூஆர் கோடை எப்படிச் சரிபார்ப்பது: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். கல்வி உதவித்தொகைக்காகவும் கல்லூரிச் சேர்க்கைக்காகவும் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை நீங்கள் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து வருகிறீர்கள். அவற்றில் ஒன்றைப் பற்றி இந்த ஆண்டு எங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்தை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. குடும்பத்தின் அடையாளம் தெரியக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை. அந்தத் தாயின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

அவருடைய கணவர் வளைகுடா நாடு ஒன்றில் வேலை பார்க்கிறார். மகளின் உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் தேவைப்பட்டபோது, தாலுகா அலுவலகத்துக்கு அலைய நேரமில்லாமல், ஒரு கணினிக் கடையில் 800 ரூபாய் கொடுத்திருக்கிறார். மறுநாளே சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. அரசு முத்திரை, வட்டாட்சியரின் மின்கையொப்பக் கட்டம், TN என்று தொடங்கும் சான்றிதழ் எண், கியூஆர் கோடு எல்லாம் அதில் இருந்தன. எங்கள் அலுவலக உதவியாளர் கைப்பேசியால் கோடை ஸ்கேன் செய்தார். அரசின் இணையதளமே திறந்தது. அந்த எண்ணில் ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டிருப்பதாகவும் காட்டியது. அவர் சரி என்று எழுதி என் மேசைக்கு அனுப்பிவிட்டார்.

கையெழுத்திடுவதற்கு முன் நான் தாளையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாளில் கல்குளம் வட்டம் என்று இருந்தது; திரையில் விளவங்கோடு வட்டம். தாளில் மாணவியின் தந்தை பெயர். திரையில் எங்களுக்குத் தெரியாத ஒருவரின் பெயர். ஆண்டு வருமானத் தொகையும் வேறு. யாருக்கோ முறைப்படி வழங்கப்பட்ட சான்றிதழின் பிடிஎஃப் கோப்பை எடுத்து, பெயரையும் ஊரையும் தொகையையும் மட்டும் மாற்றி அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணும் உண்மை, கோடும் உண்மை, திறந்த இணையதளமும் உண்மை. தாள் மட்டும் போலி. அந்தத் தாய்க்கு இது எதுவும் தெரியாது. தன் மகளுக்கு அரசு கொடுத்த தாள் என்றே அவர் நம்பியிருந்தார்.

இதில் எங்கள் அலுவலகத்தின் தவறு எது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கோடு திறக்கிறதா என்று பார்த்தோம். திறந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. கியூஆர் கோடு என்பது புள்ளிகளாக எழுதப்பட்ட சில எழுத்துகளும் எண்களும்தான். பெரும்பாலும் அது ஓர் இணைய முகவரியையும் அந்தச் சான்றிதழின் எண்ணையும் சுமந்திருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்தாலும், படம் பிடித்து இன்னொரு தாளில் ஒட்டினாலும், மூலத்தில் வேலை செய்தது போலவே வேலை செய்யும். ஆகவே ஒரு தாளில் கோடு இருப்பதோ, அது ஸ்கேன் ஆவதோ அந்தத் தாளைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன பதிவாகியிருக்கிறது என்பதைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. பெயர், தந்தை பெயர், கிராமம், வட்டம், தொகை, வழங்கிய தேதி ஆகியவற்றைத் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு முடிக்கும் வரை சரிபார்ப்பு முடிவதில்லை.

இன்னொரு வகை ஏமாற்று இதைவிட நுட்பமானது. கோடையே புதிதாக உருவாக்கி, அரசுத் தளம் போலத் தோன்றும் ஒரு பக்கத்துக்கு அதை அனுப்பிவிட முடியும். அந்தப் பக்கத்தில் உங்கள் பிள்ளையின் பெயர், ஊர், தொகை எல்லாம் தாளில் உள்ளபடியே இருக்கும், ஏனென்றால் தாளைத் தயாரித்தவரே பக்கத்தையும் தயாரித்திருப்பார். இதைக் கண்டுபிடிக்கத் திரையின் மேலே இருக்கும் முகவரியைப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். கீழே மூன்று முகவரிகளைத் தந்திருக்கிறேன். முதலாவது மட்டுமே தமிழக அரசுடையது. மற்ற இரண்டும் விளக்கத்துக்காக நான் எழுதியவை.

```
tnedistrict.tn.gov.in/
tnedistrict.tn.gov.in.certcheck.example/
tnedistrict-tn-gov.example/
```

முகவரியின் தொடக்கத்தில் https:// என்று இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பின் முதல் சாய்கோடு எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் இருக்கும் பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். சாய்கோட்டை ஒட்டினாற்போல் tn.gov.in என்று முடிந்தால் அது தமிழக அரசின் தளம். அதே எழுத்துகள் நடுவில் வந்து, அதற்குப் பின் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை. gov.in என்று முடியும் முகவரிகள் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே ஒதுக்கப்படுகின்றன. முகவரி நீளமாக இருந்தால் கைப்பேசித் திரை அதன் ஒரு பகுதியை மட்டும் காட்டும் என்பதால், முகவரியைத் தொட்டு முழுவதையும் பார்க்க வேண்டும். எனக்கு நம்பிக்கையான வழி இதைவிட எளிது. கோடை நம்பாமல், முதல் முகவரியை நானே தட்டச்சு செய்து, சான்றிதழ் சரிபார்ப்புப் பக்கத்துக்குப் போய், தாளில் உள்ள எண்ணை உள்ளிடுவேன். இனி எங்கள் அலுவலகத்திலும் அப்படியே செய்வார்கள்.

பதிவு கிடைக்கவில்லை என்று திரை சொன்னால் உடனே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். தளம் அந்த நேரத்தில் இயங்காமல் இருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் கையால் எழுதி வழங்கப்பட்ட பழைய சான்றிதழாகவும் இருக்கலாம். மறுநாள் ஒரு முறை முயன்று பார்த்து, அப்போதும் கிடைக்காவிட்டால், வழங்கிய வட்டாட்சியர் அலுவலகத்தில் எண்ணைக் காட்டிக் கேட்பதே சரியான முறை.

சில பெற்றோர் நேர்மாறான பயத்தோடு வருகிறார்கள். கையொப்பக் கட்டத்தின் மேல் ஒரு கேள்விக்குறியும் Signature Not Verified என்ற வரியும் அச்சாகியிருப்பதைப் பார்த்துச் சான்றிதழே செல்லாது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கோப்பைத் திறந்த கணினியில், மின்கையொப்பம் வழங்கும் இந்திய அமைப்பை நம்பகமானதாகச் சேர்த்து வைக்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கோப்பைக் கணினியில் அடோபி ரீடரில் திறந்து கையொப்பத்தின் மேல் சொடுக்கினால் விவரம் வரும். கையொப்பமிட்டவரைப் பற்றித் தெரியவில்லை என்று சொன்னால் அது பெரும்பாலும் கணினியின் குறை; கையொப்பம் இட்ட பிறகு ஆவணம் மாற்றப்பட்டிருக்கிறது என்று சொன்னால் கட்டாயம் கவலைப்பட வேண்டும். அதேபோல் பச்சை நிற டிக் அச்சாகியிருப்பதும் ஆதாரமாகாது. மின்கையொப்பம் கோப்புக்குள் இருக்கிறது. தாளில் விழுவது அதன் படம் மட்டுமே. அதனால் கடைக்காரரிடம் தாளை மட்டும் வாங்காமல், பிடிஎஃப் கோப்பையும் கேட்டு வாங்கி உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் சான்றிதழ்களுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்களுக்கு மூலப் பதிவு சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் இருக்கிறது, பள்ளியிடம் இல்லை. ஒரு பழைய மதிப்பெண் சான்றிதழ் உண்மையா என்று என்னிடம் கேட்டால், அந்த மாணவர் இங்கே படித்தார் என்பதைச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து என்னால் சொல்ல முடியும். அவர் பெற்ற மதிப்பெண்களுக்கு நான் உறுதி சொல்ல முடியாது. வேலை கொடுப்பவரோ கல்லூரியோ இயக்ககத்துக்கு எழுதிப் பெறும் உண்மைத்தன்மைச் சான்றுதான் அதற்கு விடை. களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் எஸ்எஸ்எல்சி படித்துவிட்டு நம்மிடம் சேரும் பிள்ளைகளுக்கு இந்த இயக்ககத்தில் பதிவே இருக்காது. அவர்களுடைய சான்றிதழைக் கேரளப் பரீட்சா பவன் வழியாகத்தான் சரிபார்க்க வேண்டும்.

டிஜிலாக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் செயலியில் Issued என்ற பகுதியில் வரும் ஆவணம், வழங்கிய அமைப்பின் பதிவிலிருந்து நேராக வந்தது. Drive என்ற பகுதியில் இருப்பது நீங்களே படம் பிடித்து ஏற்றியது. அதை யாரும் சரிபார்க்கவில்லை. டிஜிலாக்கரில் இருக்கிறது சார் என்று சொல்லி இரண்டாவது பகுதியைத் திறந்து காட்டிய பெற்றோர் இந்த ஆண்டு எத்தனையோ பேர். முதல் பகுதியில் மதிப்பெண் சான்றிதழ் வரவில்லை என்றால், பெயர் ஒத்துப்போகாததே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. நம் மாவட்டத்தில் பள்ளிப் பதிவில் இனிஷியலோடு ஒரு பெயரும், ஆதாரில் தந்தையின் பெயரை முழுதாகச் சேர்த்து இன்னொரு பெயரும் இருப்பது சாதாரணம். அது போலிக்கு அடையாளம் அல்ல. ஆனால் கல்லூரி கலந்தாய்வுக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டிய குறை.

வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்க நினைப்பவர்கள் மூலச் சான்றிதழை லேமினேஷன் செய்ய வேண்டாம். முத்திரையும் ஒட்டுச்சீட்டும் தாளின் மேலேயே பதிய வேண்டும் என்பதால் லேமினேஷன் செய்ததை ஏற்க மாட்டார்கள். பிரித்தெடுக்கும்போது தாள் கிழிந்துவிடுகிறது.

அந்தத் தாயைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவர் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் செலுத்தி முறையாக விண்ணப்பித்தார். விண்ணப்ப எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கையில் கிடைத்தது; கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது; கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தார்; அதன் பிறகே வட்டாட்சியரின் ஒப்புதல் கிடைத்தது. முதல் முறை இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை என்பதை அவரே நினைவுகூர்ந்தார். விசாரணையே இல்லாமல் மறுநாள் கைக்கு வரும் வருமானச் சான்றிதழை நீங்களும் சந்தேகப்படுங்கள். புதிய சான்றிதழின் எண்ணை நாங்கள் தட்டச்சு செய்து பார்த்தோம். கல்குளம் வட்டம், தந்தை பெயர், தொகை எல்லாம் தாளில் உள்ளபடியே இருந்தன. மாணவியின் உதவித்தொகை விண்ணப்பம் கடைசித் தேதிக்கு முன் சென்றுவிட்டது.

இந்த ஆண்டு ஏற்கெனவே பெற்றுக்கொண்ட எல்லாச் சான்றிதழ்களையும் எண்ணை உள்ளிட்டு மறுபடி சரிபார்க்கப் போகிறோம். எதிலாவது வேறுபாடு தெரிந்தால் உங்களைத் தனியாக அழைத்துப் பேசுவோம். பிள்ளையிடம் கேட்க மாட்டோம், வகுப்பில் பெயர் சொல்ல மாட்டோம். கடைகள் வழியாகச் சான்றிதழ் பெற்றவர்கள் ஒப்புகைச் சீட்டையும் பிடிஎஃப் கோப்பையும் எடுத்துக்கொண்டு, பள்ளி நாட்களில் மாலை 3 மணி முதல் 4 மணிக்குள் அலுவலகத்துக்கு வாருங்கள். சான்றிதழின் படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். மேலே சொன்ன சான்றிதழும் அப்படி யாரோ பகிர்ந்த கோப்பிலிருந்து எடுக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்