எச்.பி.எல்.சி கருவி: திட்டவாரி மணிக்கணக்கைச் சரிபார்க்கவும்

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதப் பதிவேட்டைத் திட்டவாரியாக மணிக்கணக்காக்கி, ஷீட்டைக் குழுவில் போட்டிருக்கிறேன். பராமரிப்புச் செலவு இதன்படிதான் பிரியும். வரும் வெள்ளி மாலை 5 மணிக்குள் பார்த்துவிடுங்கள்.

1. ராத்திரி ஓட்டங்களை முதலில் பாருங்கள். ஒரு பதிவில் மாலை 6 முதல் மறுநாள் காலை 9 வரை, 15 மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் மென்பொருள் பதிவின்படி கடைசி சாம்பிள் இரவு 1 மணிக்கே முடிந்து பம்ப் நின்றுவிட்டது. ஆகவே 7 மணி நேரம்தான் எடுத்தேன். காலையில் வந்து கையெழுத்துப் போட்ட நேரம் கணக்கில் வராது.

2. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கரைப்பான் விட்டுக் கழுவும் நேரம் அந்தத் திட்டத்தையே சேரும். அப்போது வேறு யாரும் கருவியைத் தொட முடியாதே.

3. சர்வீஸுக்குப் போன 6 மணி நேரம் எல்லோருக்கும் பொது. மூன்று திட்டங்களும் 30, 20, 10 மணி நேரம் ஓட்டியதால் அதை 3, 2, 1 என்று பிரித்தேன்.

4. திட்ட எண் இல்லாத வரிகளை மஞ்சளாக்கியிருக்கிறேன். உங்கள் கையெழுத்து இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள்.

5. இனி முடிந்த நேரத்தோடு தேதியையும் எழுதுங்கள். நள்ளிரவு தாண்டினால் ஷீட்டில் கழித்தல் குறியோடு விடை வருகிறது.

கணக்கு சரியென்றால் திட்ட எண்ணைப் போட்டு ‘சரி’ என்று பதிலிடுங்கள். தவறென்றால் தேதியோடு எழுதுங்கள்.